ஈழத்துக் கல்லில் ஒளிந்திருந்த மூலகம்
பயன்படு கருவேற்றமும் அணுவின் பருமனும்

திருகோணமலைக்கு வடக்கே, கொக்கிளாய்க் கடனீரேரியை எட்டுமுன் வருவது புல்மோட்டைக் கடற்கரை. அங்குள்ள மணல் வெண்மணல் அன்று. கருமை கலந்து கனமாக இருக்கும். அதை அள்ளிப் பிரித்தால் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கோன் என்னும் கனியங்கள் வெவ்வேறாகக் கிடைக்கும். முதல் இரண்டிலும் உள்ள முக்கிய உலோகம் தைத்தேனியம். மூன்றாவதில் உள்ளது சிர்க்கோனியம். இந்தச் சிர்க்கோன்தான் நமது நாட்டின் தென்பகுதியில் நிறமற்ற மணிக்கல்லாகக் கிடைத்து 'மாத்தறை வைரம்' என்ற பெயரையும் பெற்றது.

1789ஆம் ஆண்டு, ஜேர்மனிய இரசாயனவியலாளர் மாட்டின் ஹைன்றிக் கிளப்புறோத்து இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கோன் கல்லொன்றைப் பகுப்பாய்வு செய்தார். அதுவரை எவரும் அறியாத ஒரு மூலகத்தின் ஒட்சைட்டு அதில் இருப்பதைக் கண்டார். சிர்க்கோனியம் அறியப்பட்டது இவ்வாறுதான். அதன்பின் பல இரசாயனவியலாளர் சிர்க்கோனைக் கரைத்தார்கள், வீழ்படிவாக்கினார்கள், பளிங்காக்கினார்கள். 1824இல் பேர்சீலியஸ் அதிலிருந்து உலோகத்தையே பிரித்தெடுத்தார்.

ஆனால் அந்தக் கல்லுக்குள் இன்னொரு மூலகமும் இருந்தது. சிர்க்கோனிலுள்ள உலோகத்தில் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை ஹப்னியம் உண்டு. இது அருமையாகக் காணப்படும் அளவு அன்று. பகுப்பாய்வுக்கு எளிதில் அகப்படக் கூடிய அளவுதான். ஆயினும் 1923 வரை ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நூற்று முப்பத்துநான்கு ஆண்டுகள் அது சிர்க்கோனியத்தின் பெயரிலேயே வாழ்ந்தது.

ஏன்? ஹப்னியத்தின் அணுவெண் 72. சிர்க்கோனியத்தின் அணுவெண் 40. முன்னதில் முப்பத்திரண்டு இலத்திரன்கள் கூடுதலாக உள்ளன. ஒரு முழு ஓடும் கூடுதலாக உள்ளது. அப்படியானால் அது பெரிய அணுவாக இருந்திருக்க வேண்டும். பெரியதாக இருந்திருந்தால் வேறு பளிங்குகளில் சேர்ந்திருக்கும், என்றோ அகப்பட்டிருக்கும். உண்மையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன். இந்தச் சமத்துவம் எப்படி வந்தது என்பதை, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கூட்டல் கழித்தல் மட்டும் கொண்டு கண்டறிய முடியும். அந்தக் கணக்கைப் படிப்படியாகச் செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்கும் வட்டமும்

அணுவின் நடுவே நேரேற்றமுள்ள கரு இருக்கிறது. எதிரேற்றமுள்ள இலத்திரன்களை அது தன்னை நோக்கி இழுக்கிறது. அணுவில் ஓர் இலத்திரன் மட்டும் இருந்தால் அது கருவின் ஏற்றம் முழுவதையும் உணரும். பல இலத்திரன்கள் இருக்கும்போது அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஆகவே வெளியே உள்ள ஓர் இலத்திரன் உணரும் இழுவை, கருவின் முழு ஏற்றத்திலும் குறைவானது. அந்தக் குறைந்த ஏற்றமே பயன்படு கருவேற்றம். அதை Z* என எழுதுவோம்.

இரவில் முற்றத்தின் நடுவே ஒரு விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டம் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். மூன்றாம் வட்டத்தில் இருக்கும் ஒருத்திக்கு விளக்கின் ஒளி எவ்வளவு கிடைக்கும்? அவளுக்கு முன்னால் முதல் வட்டத்தில் இருப்பவர்கள் விளக்கை ஒட்டி இருப்பதால் நன்றாக மறைப்பார்கள். இரண்டாம் வட்டத்தில் இருப்பவர்களும் பெரும்பாலும் மறைப்பார்கள். அவளுடைய வட்டத்திலேயே பக்கத்தில் இருப்பவர்கள் சிறிதளவே மறைப்பார்கள். அவளுக்குப் பின்னால் இருப்பவர்களோ மறைப்பதே இல்லை.

உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். இலத்திரன்கள் ஓரிடத்தில் அமர்ந்திருப்பவை அல்ல. வெளி ஓட்டு இலத்திரனும் சில வேளைகளில் உள் வட்டத்துக்குள் நுழைந்து கருவின் அருகே செல்கிறது. இதனால்தான் இரண்டாம் வட்டம் 'முழுவதும்' மறைக்கும் என்று சொல்லாமல் 'பெரும்பாலும்' மறைக்கும் என்றோம். இந்தச் சிறு வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். ஹப்னியத்தின் இரகசியம் அதற்குள்தான் இருக்கிறது.

சிலேற்றரின் விதிகள்

1930ஆம் ஆண்டு அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜோன் சிலேற்றர் இந்த மறைப்புக்கு எண்களைக் கொடுத்தார். ஒவ்வோர் இலத்திரனும் எவ்வளவு மறைக்கிறது என்பதைக் கூட்டினால் திரையிடல் மாறிலி S கிடைக்கும். பின்னர்,

Z* = Z − S

முதலில் இலத்திரன்களை இவ்வாறு கூட்டங்களாக எழுத வேண்டும்:

(1s) (2s 2p) (3s 3p) (3d) (4s 4p) (4d) (4f) (5s 5p) (5d) …

ஒரே ஓட்டின் s, p ஆகியவை ஒரு கூட்டம். D தனி, f தனி. நாம் நோக்கும் இலத்திரன் n ஆம் ஓட்டின் s அல்லது p இலத்திரனாக இருந்தால் விதிகள் நான்கு.

1. அதற்கு வெளியே உள்ள கூட்டங்கள் மறைப்பதில்லை: 0.
2. அதன் கூட்டத்திலுள்ள மற்ற ஒவ்வோர் இலத்திரனும் 0.35 மறைக்கும். (1s ஆயின் 0.30.)
3. ஓர் ஓடு உள்ளே, அதாவது n−1 ஆம் ஓட்டிலுள்ள ஒவ்வோர் இலத்திரனும் 0.85 மறைக்கும். அது s, p, d, f எதுவானாலும் இந்த எண்ணே.
4. அதற்கும் உள்ளே இருக்கும் ஒவ்வோர் இலத்திரனும் 1.00, அதாவது முழுமையாக மறைக்கும்.

d, f இலத்திரன்களை நோக்கும்போது விதி சற்று மாறும். இங்கே நமக்கு அது தேவையில்லை.

சோடியத்திலிருந்து குளோரீன் வரை

பழகிய மூன்றாம் ஆவர்த்தனத்தில் விதியைச் சோதித்துப் பார்ப்போம். சோடியத்தின் அணுவெண் 11. இலத்திரன் நிலையமைப்பு 1s² 2s² 2p⁶ 3s¹. நாம் நோக்குவது அந்த ஒற்றை 3s இலத்திரனை.

அதன் கூட்டத்தில் வேறு எவருமில்லை: 0.
இரண்டாம் ஓட்டில் எட்டு: 8 × 0.85 = 6.80.
முதலாம் ஓட்டில் இரண்டு: 2 × 1.00 = 2.00.

S = 8.80. ஆகவே Z* = 11 − 8.80 = 2.20.

கருவில் பதினொரு புரோத்தன்கள் இருந்தும், வெளி இலத்திரன் உணர்வது இரண்டே கால் புரோத்தன்களிலும் சற்றுக் குறைவான இழுவையையே.

இனிக் குளோரீன். அணுவெண் 17, மூன்றாம் ஓட்டில் ஏழு இலத்திரன்கள். ஓர் இலத்திரனை நோக்கினால் அதன் கூட்டத்தில் மீதி ஆறு: 6 × 0.35 = 2.10. உள் ஓடுகள் சோடியத்தில் உள்ளவாறே: 6.80 + 2.00. S = 10.90. Z* = 6.10.

இடையில் உள்ளவற்றையும் செய்து பார்த்தால் மகனீசியம் 2.85, அலுமினியம் 3.50, சிலிக்கன் 4.15, பொசுபரசு 4.80, கந்தகம் 5.45 என வரும். ஒவ்வொரு படியிலும் 0.65 கூடுகிறது. காரணம் எளிது. ஒரு படி வலப்பக்கம் போகும்போது கருவில் ஒரு புரோத்தன் கூடுகிறது. கூடவே வரும் இலத்திரன் பக்கத்தில் அமர்ந்து 0.35 மட்டுமே மறைக்கிறது. மீதி 0.65 மறைக்கப்படாமல் கசிந்து வெளி இலத்திரனை எட்டுகிறது. அதனால் வெளி ஓடு முழுவதும் உள்ளே இழுக்கப்பட்டு அணு சுருங்குகிறது. இலத்திரன் கூடக் கூட அணு பெருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஒரே ஓட்டினுள் நடப்பது அதற்கு எதிர்மாறானது.

இந்த 0.65 உங்கள் கணக்கைச் சரிபார்க்கவும் உதவும். அடுத்தடுத்த இரு மூலகங்களுக்கு இடையே வேறொரு எண் வந்தால், பெரும்பாலும் நோக்கும் இலத்திரனையே அதன் கூட்டத்தில் சேர்த்து எண்ணியிருப்பீர்கள். ஓர் இலத்திரன் தன்னைத் தானே மறைப்பதில்லை.

அடுத்த ஓடு

பொற்றாசியத்துக்குச் செல்வோம். அணுவெண் 19, வெளியே ஒரு 4s இலத்திரன். மூன்றாம் ஓட்டில் எட்டு: 6.80. அதற்கு உள்ளே பத்து: 10.00. S = 16.80. Z* = 2.20.

சோடியத்துக்கும் இதே 2.20தான். இழுவை ஒன்றே என்றால் பருமனும் ஒன்றாக இருக்க வேண்டாமா? இல்லை. பருமனைத் தீர்மானிப்பது இழுவை மட்டுமன்று. இலத்திரன் எந்த ஓட்டில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது. இலத்திரன் மிகக் கூடுதலாகக் காணப்படும் தூரத்துக்குச் சிலேற்றரின் முறை தரும் சூத்திரம் இது:

r = 52.9 × (n*)² ÷ Z* பிக்கோமீற்றர்

52.9 என்பது ஐதரசனுக்குரிய தூரம். n* என்பது ஓட்டின் எண்ணுக்குப் பதிலாக இடப்படும் பயன்படு எண். முதல் மூன்று ஓடுகளுக்கு அது 1, 2, 3 என மாறாமல் இருக்கும். நான்காம் ஓட்டுக்கு 3.7, ஐந்தாம் ஓட்டுக்கு 4.0, ஆறாம் ஓட்டுக்கு 4.2 எனச் சிலேற்றர் வைத்தார். மேல் ஓடுகள் எண்ணுக்கு ஏற்ற அளவுக்கு விரிவதில்லை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

(n*)² ÷ Z* என்ற பங்கை மட்டும் பார்ப்போம். சோடியத்துக்கு 9 ÷ 2.20 = 4.09. பொற்றாசியத்துக்கு 13.69 ÷ 2.20 = 6.22. குளோரீனுக்கு 9 ÷ 6.10 = 1.48. ஆகவே கூட்டத்தில் கீழே போனால் அணு பெருக்கும். ஆவர்த்தனத்தில் வலப்பக்கம் போனால் சுருங்கும். அட்டவணைகளில் சோடியத்தின் உலோக ஆரை 186, பொற்றாசியத்தினது 227, குளோரீனின் பங்கீட்டுவலு ஆரை 99 பிக்கோமீற்றர். விதி திசையைச் சரியாகச் சொல்கிறது. அளவைச் சற்று மிகைப்படுத்துகிறது.

இப்போது புல்மோட்டை மணலுக்குத் திரும்பலாம்.

கல்லுக்குள் மூன்று அயன்கள்

தைத்தேனியம், சிர்க்கோனியம், ஹப்னியம் மூன்றும் ஆவர்த்தன அட்டவணையில் ஒரே நிரலில், ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. கல்லுக்குள் அவை நடுநிலை அணுக்களாக இருப்பதில்லை. நான்கு இலத்திரன்களை இழந்து Ti⁴⁺, Zr⁴⁺, Hf⁴⁺ அயன்களாக ஒட்சிசன்களின் நடுவே அமர்ந்திருக்கின்றன. சிர்க்கோன் பளிங்கில் ஒவ்வொரு சிர்க்கோனியத்தையும் எட்டு ஒட்சிசன்கள் சூழ்ந்திருக்கும். அந்த எட்டுக்கும் நடுவிலுள்ள இடத்துக்குப் பருமனில் பொருந்துவதே உள்ளே வரலாம். ஆகவே நாம் கேட்க வேண்டியது அயனின் பருமனை.

முதலில் Ti⁴⁺. அணுவெண் 22, மீதி இலத்திரன்கள் 18. வெளியே இருப்பது 3s² 3p⁶. ஒரு 3p இலத்திரனை நோக்கினால்:

கூட்டத்தில் மீதி ஏழு: 7 × 0.35 = 2.45.
இரண்டாம் ஓட்டில் எட்டு: 6.80.
முதலாம் ஓட்டில் இரண்டு: 2.00.

S = 11.25. Z* = 10.75. பங்கு 9 ÷ 10.75 = 0.837.

அடுத்து Zr⁴⁺. அணுவெண் 40, மீதி இலத்திரன்கள் 36. வெளியே 4s² 4p⁶.

கூட்டத்தில் மீதி ஏழு: 2.45.
மூன்றாம் ஓட்டில் 3s² 3p⁶ 3d¹⁰, மொத்தம் பதினெட்டு: 18 × 0.85 = 15.30.
அதற்குள்ளே பத்து: 10.00.

S = 27.75. Z* = 12.25. பங்கு 13.69 ÷ 12.25 = 1.118.

தைத்தேனியத்தைவிடச் சிர்க்கோனியம் தெளிவாகப் பெரிது. இதுவரை எதிர்பார்த்தபடிதான். ஒரே கடற்கரை மணலில் இருந்தும், இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு கனியங்களில் பிரிந்து நிற்பதற்கு இந்தப் பருமன் வேறுபாடு ஒரு முக்கிய காரணம்.

மூன்றாவதுக்குப் போகுமுன் ஒரு சிறு சுற்று வழி போவோம். ஹப்னியத்துக்குப் பதினான்கு இடங்களுக்கு முன்னால் சீரியம் இருக்கிறது, அணுவெண் 58. Ce⁴⁺ அயனில் இலத்திரன்கள் 54. வெளியே 5s² 5p⁶. நான்காம் ஓட்டில் 4s² 4p⁶ 4d¹⁰ என்ற பதினெட்டு மட்டும். 4f இன்னும் வெறுமையாக உள்ளது.

கூட்டத்தில் மீதி ஏழு: 2.45.
நான்காம் ஓட்டில் பதினெட்டு: 15.30.
அதற்குள்ளே இருபத்தெட்டு: 28.00.

S = 45.75. Z* = 12.25.

சிர்க்கோனியத்துக்கு வந்த அதே 12.25! சோடியமும் பொற்றாசியமும் போலவே, இங்கும் இழுவை ஒன்று, ஓடு வேறு. பங்கு 16 ÷ 12.25 = 1.306. Zr⁴⁺ அயனிலும் இது 17 சதவீதம் பெரிது. அயன் ஆரை அட்டவணையில், எட்டு ஒட்சிசன்கள் சூழ்ந்த நிலையில் Zr⁴⁺ 84, Ce⁴⁺ 97 பிக்கோமீற்றர். வேறுபாடு 15 சதவீதம். கணக்கு நன்றாகவே பொருந்துகிறது.

சீரியத்துக்கும் ஹப்னியத்துக்கும் இடையே பதினான்கு படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் கருவில் ஒரு புரோத்தன் கூடுகிறது. இந்த இரு Xe வகை அயன்களையும் ஒப்பிட்டால், கூடிய பதினான்கு இலத்திரன்களும் வெளி ஓட்டில் இல்லை. உள்ளே, நான்காம் ஓட்டின் 4f இல் உள்ளன. ஐந்தாம் ஓட்டிலுள்ள 5p இலத்திரனுக்கு அவை ஓர் ஓடு உள்ளே இருப்பவை. ஆகவே ஒவ்வொன்றும் மறைப்பது 1.00 அன்று, 0.85. ஒரு படிக்கு 0.15 கசிகிறது. மூன்றாம் ஆவர்த்தனத்தின் 0.65 உடன் ஒப்பிட்டால் இது அற்பமே. ஆனால் பதினான்கு முறை கசிந்தால் 14 × 0.15 = 2.10.

Hf⁴⁺ கணக்கை முழுமையாகவே எழுதிப் பார்ப்போம். அணுவெண் 72, மீதி இலத்திரன்கள் 68.

கூட்டத்தில் மீதி ஏழு: 2.45.
நான்காம் ஓட்டில் 4s² 4p⁶ 4d¹⁰ 4f¹⁴, மொத்தம் முப்பத்திரண்டு: 32 × 0.85 = 27.20.
அதற்குள்ளே இருபத்தெட்டு: 28.00.

S = 57.65. Z* = 14.35. பங்கு 16 ÷ 14.35 = 1.115.

Zr⁴⁺ க்கு வந்தது 1.118. Hf⁴⁺ க்கு வந்திருப்பது 1.115. ஓர் ஓடு கூடியதால் வந்த 17 சதவீதப் பெருக்கத்தை, 4f இன் பதினான்கு சிறு கசிவுகளும் சேர்ந்து அழித்துவிட்டன. அளந்து கண்ட ஆரைகளும் 84, 83 பிக்கோமீற்றர் என அருகருகே நிற்கின்றன. சிர்க்கோன் பளிங்கு வளரும்போது, சிர்க்கோனியத்துக்குரிய இடத்தில் ஒரு ஹப்னியம் வந்து அமர்ந்தால் பளிங்கு அதை வேறாக உணர்வதற்கு இடமில்லை. ஏற்றம் ஒன்று, பருமன் ஒன்று. கிளப்புறோத்தின் குடுவையிலும் நிலை அதுவே. கரைதிறன், வீழ்படிவு, பளிங்காதல் எல்லாம் பெரும்பாலும் ஏற்றத்தையும் பருமனையும் பொறுத்தவை. ஒன்று வீழ்படிந்தபோது மற்றதும் கூடவே வீழ்படிந்தது.

இலந்தனத்திலிருந்து இலுத்தீசியம் வரை நடக்கும் இந்தச் சுருக்கத்துக்கு இலந்தனைட்டுச் சுருக்கம் என்று பெயர்.

விதி எங்கே தவறுகிறது?

சிர்க்கோனியமும் ஹப்னியமும் அயன்களாக அல்லாமல் நடுநிலை அணுக்களாக இருந்தால் என்ன வரும்? இதையும் செய்து பார்ப்பது அவசியம். ஏனெனில் விதியின் எல்லை இங்கேதான் தெரிகிறது.

சிர்க்கோனியத்தின் வெளி இலத்திரன் 5s. பக்கத்தில் ஒன்று: 0.35. நான்காம் ஓட்டில் 4s² 4p⁶ 4d², பத்து: 8.50. அதற்குள்ளே இருபத்தெட்டு: 28.00. Z* = 40 − 36.85 = 3.15.

ஹப்னியத்தின் வெளி இலத்திரன் 6s. பக்கத்தில் ஒன்று: 0.35. ஐந்தாம் ஓட்டில் 5s² 5p⁶ 5d², பத்து: 8.50. அதற்குள்ளே அறுபது: 60.00. Z* = 72 − 68.85 = 3.15.

இழுவை ஒன்றாகவே வருகிறது. ஆனால் ஓடு வேறு என்பதால் பங்குகள் 16 ÷ 3.15 = 5.08 என்றும் 17.64 ÷ 3.15 = 5.60 என்றும் வருகின்றன. அதாவது ஹப்னியம் 10 சதவீதம் பெரிதாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. உண்மையில் உலோக ஆரைகள் 160, 159 பிக்கோமீற்றர். விதி இங்கே தவறிவிட்டது.

ஏன் தவறியது? 6s இலத்திரனுக்கு 4f இரண்டு ஓடுகள் உள்ளே இருக்கிறது. ஆகவே நான்காம் விதிப்படி அது முழுமையாக மறைக்கிறது என்று எண்ணிவிட்டோம். 0.15 கசிவு கணக்கில் வரவேயில்லை. ஆனால் உண்மையான 6s இலத்திரன் கருவின் அருகே வரை நுழைந்து செல்லும். அங்கே 4f அதற்கு முழுத் திரை அன்று. இதற்கு மேல், 72 புரோத்தன்கள் கொண்ட கருவின் அருகே இலத்திரன்கள் மிகுந்த வேகத்தில் இயங்குவதால் சார்புக் கொள்கையின் விளைவும் சேர்ந்து 6s ஓட்டை மேலும் சுருக்குகிறது. சிலேற்றரின் எண்களில் அதற்கு இடமே இல்லை.

விதி தவறியதை ஆரை அட்டவணை இல்லாமலும் கண்டுகொள்ள முடியும். ஒரு தராசும் ஓர் அளவுசாடியும் போதும். ஹப்னியத்தின் சாரணுத்திணிவு 178.5, சிர்க்கோனியத்தினது 91.2, அதாவது ஏறத்தாழ இரு மடங்கு. அணுக்கள் ஒரே பருமனாயின் அடர்த்தியும் இரு மடங்காக இருக்க வேண்டும். ஹப்னியம் 10 சதவீதம் அகன்றதாயின், கனவளவு மூன்றில் ஒரு பங்கு கூடி, அடர்த்தி ஒன்றரை மடங்கு அளவிலேயே நிற்கும். அளந்தால் வருவது சிர்க்கோனியம் கன சென்ரிமீற்றருக்கு 6.5 கிராம், ஹப்னியம் 13.3 கிராம். இரு மடங்குதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அயன்களுக்கு 1.118, 1.115 என மூன்றாம் தசமத்தை நெருங்கிப் பொருந்தியது ஓரளவு தற்செயல். 4.0, 3.7 என்ற n* எண்கள் தெரிந்த முடிவுகளுக்குப் பொருந்தும்படி தெரிந்தெடுக்கப்பட்டவை. சூத்திரம் தரும் r அயனின் விளிம்பும் அன்று. இலத்திரன் கூடுதலாகக் காணப்படும் இடம் மட்டுமே. அதனால் 1.118ஐ 52.9 ஆல் பெருக்கி வரும் 59 பிக்கோமீற்றரை அட்டவணையின் 84 உடன் ஒப்பிடாதீர்கள். இரு அயன்களின் விகிதத்தை மட்டும் ஒப்பிடுங்கள். எந்த இலத்திரனை நோக்குகிறோம் என்பதையும் கணக்கைத் தொடங்குமுன் முடிவு செய்யுங்கள். கனியத்தைப் பற்றிய கேள்வியாயின் நோக்க வேண்டியது அயனின் வெளி இலத்திரனையே.

எப்படி அகப்பட்டது?

வெளி இலத்திரன்கள் ஏமாற்றும்போது உள் இலத்திரன்களைக் கேட்க வேண்டும். 1913இல் ஹென்றி மோஸ்லி, மூலகங்கள் வெளிவிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண் அணுவெண்ணைப் பின்பற்றி ஒழுங்காகக் கூடுவதைக் கண்டார். அந்தக் கதிர்கள் கருவை ஒட்டிய ஓடுகளிலிருந்து வருபவை. அங்கே திரை மிகக் குறைவு. கருவின் ஏற்றம் ஏறத்தாழ நேராகத் தெரியும். 40க்கும் 72க்கும் அங்கே குழப்பமே இல்லை. அந்த வரிசையில் 72ஆம் இடம் வெறுமையாக இருந்தது.

அந்த 72 அருமண் மூலகங்களில் ஒன்றாக இருக்கும் எனச் சிலர் கருதித் தேடினர். நீல்ஸ் போர், 4f பதினான்கும் 71 உடன் நிறைந்துவிடுவதால் 72 சிர்க்கோனியத்தின் இனமாகவே இருக்க வேண்டும் என்று நியாயம் கூறினார். கொப்பன்ஹேகனில் அவருடைய நிறுவனத்தில் பணியாற்றிய டேர்க் கொஸ்ரரும் ஜோர்ஜ் டி ஹெவெசியும் சிர்க்கோனியக் கனியங்களை எக்ஸ் கதிர்களால் சோதித்தார்கள். எதிர்பார்த்த கோடுகள் தெரிந்தன. 1923இல் அறிவித்த அந்த மூலகத்துக்குக் கொப்பன்ஹேகனின் இலத்தீன் பெயரான ஹப்னியாவிலிருந்து பெயரிட்டார்கள்.

கண்டது ஒரு வேலை. பிரிப்பது வேறொரு வேலை. தொடக்கத்தில் இரட்டைப் புளோரைட்டு உப்புகளைத் திரும்பத் திரும்பப் பளிங்காக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு சிறு துளி வேறுபாட்டைச் சேகரித்தே பிரித்தார்கள். இன்று கரைப்பான்களைக் கொண்டு பல படிகளில் பிரிக்கிறார்கள். இவ்வளவு பாடு எதற்கு? அணு உலைகளில் எரிபொருளை மூடும் குழாய்களுக்குச் சிர்க்கோனியம் வேண்டும்; ஏனெனில் அது நியூத்திரன்களை மிக அரிதாகவே உறிஞ்சும். ஹப்னியமோ அதைவிட ஐந்நூறு மடங்குக்கும் மேலாக உறிஞ்சும். அதனால் உலையை அடக்கும் கோல்களில் அதற்கு இடமுண்டு. பருமனைத் தீர்மானிக்கும் வெளி இலத்திரன்களில் இரண்டும் ஒத்தவை; நியூத்திரனை எதிர்கொள்ளும் கருவில் இரண்டும் முற்றிலும் வேறானவை.

நீங்களே செய்து பார்க்க

ஆவர்த்தன அட்டவணையில் சிர்க்கோனியத்துக்கு அடுத்தது நயோபியம் (41). ஹப்னியத்துக்கு அடுத்தது தந்தாலம் (73). இவ்விரண்டும் +5 அயன்களாகும்போது இலத்திரன் நிலையமைப்பு மேலே கண்ட Zr⁴⁺, Hf⁴⁺ அயன்களுடையதே. கருவில் மட்டும் ஒரு புரோத்தன் கூடுதல். Z* மதிப்புகளையும் பங்குகளையும் கணியுங்கள். 13.25, 15.35 என்றும், 1.033, 1.042 என்றும் வந்தால் உங்கள் கணக்குச் சரி. பின்னர் இந்த இரண்டு உலோகங்களும் இயற்கையில் பெரும்பாலும் ஒரே கனியத்தில் சேர்ந்து கிடைப்பது ஏன் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் 4f என்ற சொல் வந்திருந்தால் பாடம் விளங்கிவிட்டது.